டிரைவ் ரெஜிஸ்டர்கள்: ஒவ்வொன்றாகப் படிப்பதா, ஒரே பிளாக்காகவா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் பேனல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆர்எஸ்-485 மோட்பஸ் லைனில் பத்து டெல்டா வி.எஃப்.டி-இ.எல் டிரைவ்கள், 415 வோல்ட் த்ரீ பேஸ் சப்ளை. ஒவ்வொன்றிலும் அவுட்புட் ஃப்ரீக்வென்சி, கரண்ட், டிசி பஸ் வோல்டேஜ், அவுட்புட் வோல்டேஜ் வேண்டும். இவை 2103H முதல் 2106H வரை அடுத்தடுத்தே இருக்கின்றன. ஃபேக்டரி செட்டிங் ஆஸ்கி மோடு என்பதால் முதலில் பாராமீட்டர் 09.04-ஐ 4 ஆக்குங்கள். ஆர்டியு, ஈவன் பாரிட்டி வரும்.

9600 வேகத்தில் ஒரு பைட் போக சுமார் 1.15 மில்லிசெகண்ட். ஒரு ரெஜிஸ்டர் கேட்டால் கேள்விக்கு 8 பைட், பதிலுக்கு 7. ஃப்ரேம்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியும் டிரைவ் யோசிக்கும் நேரம் 10 மில்லிசெகண்டும் சேர்த்தால் 35 ஆகிறது. நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் 140. ஒரே பிளாக்காகக் கேட்டால் பதில் 13 பைட்டாக வளர்கிறது, அவ்வளவுதான், மொத்தம் 42. பத்து டிரைவுக்கு 1.4 செகண்டா, 0.42 செகண்டா என்பதே கேள்வி. ஒரு டிரைவ் ஆஃப் ஆகிவிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது: டைம்அவுட் 300 மில்லிசெகண்ட் என்றால், ஒரு தடவை காத்திருப்பதற்குப் பதில் நான்கு தடவை காத்திருக்க வேண்டும்.

பிளாக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. நடுவில் டிரைவில் இல்லாத அட்ரஸ் ஒன்று சிக்கினால் பல டிரைவ்கள் எக்செப்ஷன் 02 தந்து முழு பிளாக்கையும் மறுத்துவிடும். அப்போது மேனுவலைப் பார்த்து அந்த இடத்தில் பிளாக்கை உடைக்க வேண்டியதுதான். எப்போதாவது பார்க்கும் பாராமீட்டர்களைத் தனியாகப் படிப்பதே சரி.

எந்த முறையானாலும் ஆள் சறுக்குவது மேப்பிங்கில்தான். 2103H என்பது டெசிமலில் 8451. 4x எண் கேட்கும் ஹெச்எம்ஐ-யில் அது 48452. ஒன்று குறைத்து 48451 போட்டால் வருவது 2102H, அதாவது ஃப்ரீக்வென்சி கமாண்ட். மோட்டார் சீராக ஓடும்போது இரண்டும் 5000 (50.00 ஹெர்ட்ஸ்) என்றே காட்டும், தப்பு தெரியவே தெரியாது. டிரைவை நிறுத்திப் பாருங்கள்: சரியான ரெஜிஸ்டர் 0-க்கு இறங்கும், கமாண்ட் 5000-லேயே நிற்கும்.

தனித்தனியாக மேப் செய்தால் இந்தச் சோதனையை நான்கு இடத்தில் செய்யவேண்டும். பிளாக்கில் ஒரு ஆரம்ப அட்ரஸ் சரியானால் நான்கும் சரி. லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி கன்வர்ட்டர் செருகி, பிஎல்சி மாஸ்டரை லைனிலிருந்து கழற்றிவிட்டு:

```
mbpoll -m rtu -a 1 -b 9600 -P even -t 4 -0 -r 8451 -c 4 -1 /dev/ttyUSB0
```

நின்றிருக்கும் டிரைவில் முதல் இரண்டும் கடைசியும் 0, மூன்றாவது 5870-ஐ ஒட்டி வரவேண்டும்: 415 வோல்ட்டை 1.414-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 587 வோல்ட், பத்தால் பெருக்கி அனுப்பப்படுகிறது. அந்த எண் இரண்டாவது இடத்திலோ நான்காவதிலோ வந்தால் ஆரம்ப அட்ரஸ் ஒன்று தள்ளியிருக்கிறது.