விலை இறங்கும், தவணை இறங்காது: பணவீக்கமும் பணவாட்டமும்

பணவீக்கத்தில் பொதுவான விலைமட்டம் ஏறுகிறது, பணவாட்டத்தில் இறங்குகிறது. விலை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். கடனே இல்லாமல், சம்பளமும் குறையாமல் இருப்பவருக்கு நல்லதுதான். ஆனால் கடன் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை விலைவாசியோடு சேர்ந்து இறங்குவதில்லை. சிக்கல் அங்கேதான்.

ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் 100, நிலையான வட்டியில் வாங்கிய கடனின் தவணை 40, வீட்டுச் செலவு 60 என்று வைத்துக்கொள்வோம். விலையும் சம்பளமும் 10 சதவீதம் ஏறினால் சம்பளம் 110, செலவு 66. தவணை போக 4 மிஞ்சும். இரண்டும் 10 சதவீதம் இறங்கினால் சம்பளம் 90, செலவு 54. தவணை கட்டினால் 4 துண்டு விழும். பொருள்கள் மலிவாகியும் குடும்பம் பின்தங்குகிறது. பணவீக்கத்தில் சம்பளம் ஏறாவிட்டால் 6 துண்டு விழும் என்பதும் உண்மை. அதனால் பணவீக்கம் எல்லாருக்கும் வரம் என்று சொல்லிவிட முடியாது.

தொழில் நடத்துபவருக்கு அடி இன்னும் பலம். விற்பனை 100, மூலப்பொருள் 50, கூலி 25, தவணை 15 என்றால் மிச்சம் 10. விலைகள் 10 சதவீதம் விழுந்தால் விற்பனை 90, மூலப்பொருள் 45. கூலியை உடனே குறைக்க முடியாது, தவணையும் அப்படியே நிற்கும். மிச்சம் 5, அதாவது லாபத்தில் பாதி போய்விட்டது. அடுத்து நடப்பது ஆள்குறைப்பு. வேலை போனவர் வாங்குவதைக் குறைப்பார். விற்பனை மேலும் சரியும். கடனை அடைக்க எல்லாரும் ஒரே நேரத்தில் சரக்கையும் சொத்தையும் விற்கப் பார்த்தால் விலை இன்னும் விழுந்து, மீதிக் கடனின் பாரம் கூடுகிறது. இந்தச் சுழலைத்தான் 1933இல் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் விளக்கினார். அமெரிக்காவில் 1929க்கும் 1933க்கும் இடையே நுகர்வோர் விலைகள் ஏறக்குறைய கால்பங்கு விழுந்தன. 1933இல் வேலை தேடியவர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

மருந்திலும் வித்தியாசம் உண்டு. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். வலிக்கும், ஆனால் வேலை செய்யும். பணவாட்டத்தில் வட்டியைக் குறைத்துக்கொண்டே போனால் பூஜ்யத்தை ஒட்டித் தரை தட்டும். வட்டி பூஜ்யமாகவே இருந்தாலும், விலை ஆண்டுக்கு 3 சதவீதம் விழும்போது கடனாளி சுமக்கும் மெய்வட்டி, அதாவது விலைமாற்றத்தையும் கணக்கில் எடுத்த வட்டி, 3 சதவீதம். 1990களின் இறுதியிலிருந்து ஜப்பான் இதில்தான் மாட்டிக்கொண்டது. 2016இல் எதிர்மறை வட்டி வரை இறங்கிப் பார்த்தது.

எல்லா விலைச்சரிவும் பணவாட்டம் அல்ல. தொழில்நுட்பத்தால் கணினி மலிவாகும்போது விற்கும் எண்ணிக்கை கூடும், சம்பளங்களும் ஏறலாம். பல துறைகளில் ஒரே நேரத்தில் விலை இறங்கி, விற்கும் அளவும் சம்பளமும் கூடவே சரிந்து, வாராக்கடன் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.