நெற்றிச்சுட்டியை விட்டுவைப்பதா, அழித்துவிட்டு மறுபடி வைப்பதா?

நடிகையின் சம்மதத்தோடு, டூப் ஆடிய நடனக் காட்சியில் ஏஐ மூலம் நடிகையின் முகத்தைப் பொருத்தும்போது முகத்தைவிட நகைதான் அதிகம் படுத்தும். வழி இரண்டு.

முதலாவது, டூப் அணிந்த நகையை அப்படியே வைப்பது. நெற்றிச்சுட்டியை ஃபிரேம் ஃபிரேமாக ரோட்டோ செய்து, அதாவது ஓரம் வரைந்து பிரித்தெடுத்து, புதிய முகத்தின் மேல் வைக்கிறோம். ஆட்டமும் மினுக்கும் நிஜமாகவே இருக்கும். ஆனால் சுட்டியின் நிழல் பழைய நெற்றியோடு போய்விடும். நிழல் இல்லாத சுட்டி காற்றில் மிதக்கும். அந்த நிழலைத் தனியாக எடுத்து, புதிய தோலின் மேல், கீழே உள்ளதைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் போட வேண்டும். வேகமாகத் திரும்பும் ஃபிரேம்களில் ரோட்டோவின் ஓரமும் அதே அளவு மங்க வேண்டும், இல்லையென்றால் வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும். காதோரம் தொங்கும் மல்லிகைக்கும் இதே வழிதான். புதிய முகத்தின் எல்லையை வகுக்கும் மாஸ்க்கைப் பூவைத் தொடாமல் முகப் பக்கமே நிறுத்திவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இரண்டாவது, நகையை அழித்துவிட்டு, தனியாக எடுத்த நகையை முக அசைவோடு டிராக் செய்து ஒட்டுவது. சுட்டிக்கு இது வீண் வேலை, அந்த ஊசலாட்டம் கையால் வராது. மூக்குத்திக்கோ இதுதான் சரி. டூப்பின் மூக்கு வேறு வடிவம்; அவர் மூக்குத்தியை விட்டுவைத்தால் புதிய மூக்கில் இடம் தப்பி உட்காரும். நடிகையின் முகத்தை ஏஐ கற்கக் கொடுத்த பயிற்சிப் படங்களை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தால், இன்னொரு பக்கமும் மங்கலாக ஒரு மூக்குத்தி முளைக்கும்! பக்கவாட்டில் திரும்பும் ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள், உடனே மாட்டும்.