எம்சி மெயிலில் கோட்டைவிடும் இலக்கணத் திருத்தி

ஆங்கில இலக்கணத் திருத்தி ஒன்றின் சந்தா விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று மச்சான் கேட்டார். சுங்கை சிப்புட்டில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு சூப்பர்வைசர், ஆபீசுக்கு எல்லாமே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இந்தத் திருத்தியை நான் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை, ஒருமை பன்மை, விட்டுப்போன 'தி', 'எ' எல்லாவற்றையும் டக்கென்று பிடித்துவிடும், அதில் குறையே சொல்ல முடியாது. காலம் என்று வந்தால்தான் கடுப்பேற்றுகிறது.

போன வாரம் காய்ச்சலோடு அவர் எழுதிய மெயில் இது: "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் சண்டே நைட். டாக்டர் கிவ்ஸ் மீ டூ டேஸ் எம்சி. ஐ வில் சப்மிட் வென் ஐ கேம் பேக்."

'கிவ்ஸ்' தனி வாக்கியமாகச் சரிதானே, அதனால் கோடே விழவில்லை. ஆனால் படிப்பவருக்கு எம்சி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வாங்கப் போகிறாரா, அந்த ரெண்டு நாள் எந்த ரெண்டு நாள், ஒன்றும் தெரியாது. கடைசி வாக்கியத்தில்தான் பெரிய கூத்து. 'கேம்' இருப்பதைப் பார்த்துவிட்டு 'வில்'லை 'வுட்' ஆக்கச் சொன்னது! அதை ஏற்றிருந்தால், கொடுக்கிறேன் என்று சொன்னது என்றைக்கோ நடந்த பழைய கதையாகப் போயிருக்கும். மாற்ற வேண்டியது 'கேம்'. நாம் 'வந்ததும் கொடுக்கிறேன்' என்று பேசிப் பழகியவர்கள், நாளைக்கு வரப்போவதற்கும் 'வந்ததும்'தான், அதனால் 'கேம்' தானாக வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் 'வென்' பின்னால் 'கம்' போதும்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டம் 60எஃப் பிரிவின்படி, லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்யாவிட்டால், எம்சி இருந்தாலும் அனுமதியில்லாமல் வராதவர் என்றுதான் கணக்கு. அந்த 48 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பது மெயிலைப் படித்தவுடனே தெரிய வேண்டாமா?

கடைசியில் நானே உட்கார்ந்து மாற்றினேன்: "ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் சின்ஸ் சண்டே நைட். ஐ சா தி பேனல் டாக்டர் திஸ் மார்னிங் அண்ட் ஹி கேவ் மீ எம்சி ஃபார் மண்டே அண்ட் டியூஸ்டே. ஐ வில் சப்மிட் இட் வென் ஐ கம் பேக் ஆன் வெனஸ்டே." காய்ச்சல் இன்னும் விடவில்லை, அதனால் 'ஹேவ் ஹேட்'. டாக்டரைப் பார்த்தது முடிந்த காரியம், அதற்கு 'சா', 'கேவ்'. 'டூ டேஸ்' என்று எண்ணிக்கை சொன்ன இடத்தில் கிழமையை எழுதியதுதான் எனக்கு முக்கியம். எம்சியைப் படம் எடுத்து மெயிலோடு சேர்க்கவும் சொன்னேன்.

மற்ற வேலைக்கெல்லாம் நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த வருஷம் நான் காசு கட்டப் போவதில்லை, மச்சானிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுத்துப்பிழைக்கு இலவசப் பதிப்பே போதும். லீவு மெயில் எழுதினால் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸப்பில் தட்டிவிடுங்கள் மச்சான், நான் பார்த்துத் தருகிறேன்.