தேன்குழல் கிலோ 360-ஆ, 400-ஆ? பேஜ் பில்டரோடு மூன்று வருடம்

நர்சரி வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான். "மச்சான், வேர்ட்பிரஸில் சைட் போடப்போறேன். இழுத்துப் போடுற பேஜ் பில்டர் வாங்கவா, கூடவே வர்ற பிளாக் எடிட்டரே போதுமா?" எனக்குக் காரைக்குடியில் பலகாரக் கடை. கோடிங் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு பில்டரோடு மூன்று வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அதன் பெயர் வேண்டாம், கதை போதும்.

முதல் வருடம் குறையே சொல்ல முடியாது. படத்தைப் பிடித்து இழுத்தால் வந்தது, எழுத்தைப் பெரிதாக்கினால் பெரிதானது. அப்புறம் ஒரு தீபாவளிக்கு முன்னால் எண்ணெய் விலை ஏறியதால் தேன்குழலை 360-லிருந்து 400 ஆக்கினேன். கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன், 400. இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா போனை நீட்டி, "உங்க சைட்லயே 360-ன்னு போட்டிருக்கே தம்பி" என்றார். பார்த்தால் உண்மைதான். அந்த வாரம் பன்னிரண்டு கிலோ பழைய விலைக்குப் போனது.

காரணம் புரியவே எனக்கு ஒரு நாள் ஆனது. சைட் செய்து தந்த பையன் விலைப் பட்டியலை அருகருகே நான்கு பத்தியாக அடுக்கியிருந்தான். போனில் அது நெருக்கியடித்துத் தெரிந்ததால் அதையே ஒரு நகல் எடுத்து, ஒன்றைக் கம்ப்யூட்டருக்கும் மற்றதைப் போனுக்கும் மட்டும் காட்டும்படி வைத்துவிட்டான். இதற்கென்றே பில்டரில் ஒரு பொத்தான் உண்டு. இரண்டு பட்டியலும் பக்கத்தில் எப்போதும் இருக்கும், ஒன்று மறைந்திருக்கும், அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டரில் தெரிவதை மட்டும் திருத்தியிருக்கிறேன். அதன் பிறகும் இரண்டு முறை இதே தவறைச் செய்தேன். அதுதான் எரிச்சல்.

உங்கள் சைட்டிலும் இப்படி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. விலையை மாற்றிச் சேமித்த பிறகு, கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வலது கிளிக் செய்து View page source கொடுங்கள். Ctrl+F அடித்துப் பழைய விலையைத் தேடுங்கள். அதே பலகாரத்தின் பெயரோடு அது இன்னும் அங்கே உட்கார்ந்திருந்தால் எங்கோ ஒரு நகல் ஒளிந்திருக்கிறது.

கடைசியில் விலைப் பட்டியலை மட்டும் பிளாக் எடிட்டருக்கு மாற்றினேன். அங்கே பத்திகள் போனில் தாமாகவே ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடுகின்றன, நகலுக்கு வேலையில்லை. விலைப் பக்கம், ஆர்டர் பக்கம் என்று இரண்டு இடத்தில் அதே பட்டியல் வேண்டுமென்றால் அதை ஒரு பேட்டர்னாகச் சேமிக்கலாம். சேமிக்கும்போது Synced என்பது கட்டாயம் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் தனித்தனி நகல்கள்தான். ஆனில் இருந்தால் ஓரிடத்தில் 400 என்று திருத்தினால் போதும், இரண்டு பக்கத்திலும் மாறிவிடும். இந்த Synced பேட்டர்னுக்கு முன்பு reusable block என்று பெயர், 2023-இல் வந்த வேர்ட்பிரஸ் 6.3 பதிப்பில்தான் மாறியது.

பிளாக் எடிட்டர் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு படத்தைக் கொஞ்சம் மேலே தூக்க இரண்டு சாயங்காலம் போனது. வெளிப்பெட்டியைப் பிடிக்கப் போனால் உள்ளே இருக்கும் பத்திதான் கையில் வருகிறது. இடதுபக்கம் List View-ஐத் திறந்து, பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கற்ற பிறகுதான் கோபம் அடங்கியது.

வாங்குவதற்கு முன் நண்பனை ஒரு சோதனை செய்யச் சொன்னேன். சோதனைக்கென்று ஒரு பக்கம் செய்துவிட்டு பில்டரை டிஆக்டிவேட் செய்து பார்க்கணும். சில பில்டர்கள் வடிவத்தை மட்டும் இழந்து எழுத்தை விட்டுவைக்கும். சிலவற்றில் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள் முளைக்கும். என்னுடையது இரண்டாவது ரகம். பிளாக்கில் எழுதியது இப்படிச் சாதாரண எச்டிஎம்எல்லாகத்தான் கிடக்கிறது:

```
<!-- wp:paragraph -->
<p>தேன்குழல் - கிலோ 400 ரூபாய்</p>
<!-- /wp:paragraph -->
```

சரி, இவ்வளவும் சொன்னவன் பில்டரைத் தூக்கி எறிந்துவிட்டானா என்றால், இல்லை. முகப்புப் பக்கம் இன்னும் அதில்தான் இருக்கிறது. அதிரசப் படத்தின்மேல் கடைப் பெயர் சரிந்து நிற்கும் அந்த அழகு பிளாக்கில் எனக்கு வரவில்லை. போன வாரம்தான் திட்டிக்கொண்டே இன்னொரு வருடத்துக்குப் பணம் கட்டினேன்.

நண்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் முகப்பு மாதிரியே எனக்கும் வேணும்டா" என்றான். சரி, வாங்கிக்கொள், செடி விலையை மட்டும் அதில் எழுதாதே என்று சொல்லிவிட்டேன்.