பணத்தை எப்போது திருப்புவது: கேட்டதுமா, புக்கிங் ரசீதிலா, பார்சல் வந்த பிறகா?

வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்கிறேன். ஒரு சேலை 900 ரூபாய். கொள்முதல் 550, அனுப்பும் செலவு 80. மிச்சம் 270. வாங்கியவர் சேலை வேண்டாம் என்றதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு சேலை திரும்பி வராமல் போனால் கையை விட்டுப் போவது 630. அதை ஈடுகட்ட இன்னும் மூன்று சேலை விற்றாக வேண்டும். எப்போது பணத்தைத் திருப்பலாம் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

கேட்டதும் கொடுத்துவிடுவது வாங்கியவருக்குப் பிடித்த வழி. தப்பு நம்முடையது என்றால் எனக்கும் இதுதான் சரி. பச்சை கேட்டவருக்கு நீலம் போயிருந்தால், அல்லது கிழிசல் போட்டோவில் தெளிவாகத் தெரிந்தால், அன்றைக்கே பணம் போய்விடும். நம் பிழைக்கு அவரை ஒரு வாரம் காக்க வைப்பது அழகில்லை.

பார்சல் வந்து பிரித்துப் பார்த்த பிறகு கொடுப்பது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் திரும்பி வர ஐந்தாறு நாள் ஆகிவிடும், அதுவரை தினமும் "அக்கா, பணம்?" என்று மெசேஜ் வரும். 'கலர் பிடிக்கவில்லை' என்கிற முதல்முறை வாடிக்கையாளருக்கும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் இந்த வழிதான். பேச்சே கிடையாது.

இரண்டுக்கும் நடுவில் உள்ளது, அவர் சேலையைத் திருப்பி அனுப்பியதற்கான புக்கிங் ரசீதைப் பார்த்துக் கொடுப்பது. ஏற்கெனவே இரண்டு தடவையாவது வாங்கியவர், தொகையும் சிறியது என்றால் நான் இதற்குத்தான் போவேன். ஆனால் ட்ராக்கிங் எண் மட்டும் போதாது. ரசீதின் போட்டோவே வேண்டும். ஸ்பீடு போஸ்ட் ரசீதில் எடையும் போய்ச் சேரும் பின்கோடும் அச்சாகியிருக்கும். பின்கோடு நம்முடையதுதானா, எடை நாம் அனுப்பியதை ஒட்டி வருகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு முறை நான் சேலை அனுப்பிய ரசீதில் 580 கிராம், வாங்கியவர் திருப்பி அனுப்பிய ரசீதில் 210. கவர் மாறினால் முப்பது, நாற்பது கிராம் குறையலாம்; 370 குறையாது. "பார்சல் வரட்டும்மா, பார்த்துட்டு அனுப்புறேன்" என்றேன். வந்ததைப் பிரித்தால் உள்ளே ஒரு பழைய துண்டு. பிரிப்பதை வீடியோ எடுத்திருந்ததால் அப்புறம் வாக்குவாதம் நீளவில்லை. அதே எடைக்கு வேறு பழைய சேலையை வைத்து அனுப்பினால் இந்தச் சோதனையில் சிக்காது. அதனால்தான் பெரிய தொகைக்கு ரசீதை நம்புவதில்லை.

எந்த வழியானாலும் பணம் வந்த அதே யுபிஐ கணக்குக்கே திருப்பி அனுப்புகிறேன். "தம்பி நம்பருக்குப் போடுங்க" என்றால் போடுவதில்லை. நாளைக்கு "எனக்கு வரவே இல்லை" என்று அவர் சொன்னால், அவருக்குத்தான் போனது என்று காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது.