மூன்று சீசனாக ஆட்ஸில் இருந்து மார்ஜினைக் கழித்துப் பார்த்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பந்தயம் கட்டுகிற ஆள் இல்லை. செல்லூரில் நாங்கள் நாலு பேர் இங்கிலீஷ் பிரீமியர் லீக் மேட்சுகளுக்கு வாராவாரம் சதவீதத்தில் கணிப்பு எழுதுவோம், மாதக் கடைசியில் யார் கணிப்பு மோசமோ அவன் டீ வாங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கணிப்பு தேறுமா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்று பந்தயம் நடத்தும் புக்கி சொல்லும் எண்தான் ஆட்ஸ். football-data.co.uk தளத்தில் பழைய ஆட்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொண்டேன்.

ஆட்ஸை அப்படியே சதவீதமாக மாற்றினால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும். பலமான அணிக்கு 1.25, டிராவுக்கு 6.00, எதிரணிக்கு 12.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 80, 16.7, 8.3 சதவீதம், மொத்தம் 105. மிச்சமிருக்கிற அந்த 5தான் புக்கியின் மார்ஜின். அதை யாரிடமிருந்து எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சிக்கல்.

விகித முறை எளிது, மூன்றையும் 1.05ஆல் வகுத்தால் முடிந்தது: 76.2, 15.9, 7.9. முதல் சீசன் முழுக்க இதைத்தான் ஓட்டினேன். பூக்காரம்மா எல்லாருக்கும் ஒரே அளவில் முழத்தைக் குறைத்து அளக்கிறார் என்று நம்புகிற மாதிரி. ஆனால் குறைவு எங்கே தெரியாதோ அங்கேதானே கூடுதலாகக் குறைப்பார்கள்? 12.60 தர வேண்டிய இடத்தில் 12 தந்தாலும் சரி, 14.50 தர வேண்டிய இடத்தில் 12 தந்தாலும் சரி, வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. 1.31 தர வேண்டிய இடத்தில் 1.25 என்றால் உடனே கண்ணில் படும். ஜெயிக்க வாய்ப்பில்லாத குதிரைக்கு அதன் தகுதிக்கு மேல் பணம் விழுகிறது என்பதைக் குதிரைப் பந்தயத்தில் 1949இலேயே எழுதிவிட்டார்கள்.

அடுக்கு முறை இதைக் கணக்கில் எடுக்கிறது. ஒன்றை ஆட்ஸால் வகுத்து வந்த 0.80, 0.167, 0.083 மூன்றையும் ஒரே k அடுக்குக்கு உயர்த்தி, கூட்டுத்தொகை சரியாக 1 வரும் k-யைத் தேட வேண்டும். நம் மேட்சுக்கு k சுமார் 1.078. விடை 78.6, 14.5, 6.9. சின்ன எண்தான் விகிதத்தில் அதிகம் தேய்கிறது, பார்த்தீர்களா? விகித முறையில் 12.60 என்று வந்த எதிரணியின் நியாயமான ஆட்ஸ் இதில் 14.50ஐத் தொடுகிறது.

எக்செல்லில் Goal Seek போதும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இதை எழுதி வைத்தேன்:

```python
def power(odds):
    q = [1/o for o in odds]
    lo, hi = 0.5, 3
    for _ in range(60):
        k = (lo + hi) / 2
        if sum(x**k for x in q) > 1: lo = k
        else: hi = k
    return [x**k for x in q]
```

இதில் lo-வை முதலில் 1 என்று வைத்திருந்தேன், மார்ஜின் இருந்தால் k எப்படியும் 1க்கு மேல்தானே என்று. அப்புறம் ஒருநாள் Bet365 என்ற ஒரே புக்கியின் B365H, B365D, B365A வரிசைகளுக்குப் பதிலாக MaxH, MaxD, MaxA வரிசைகளைப் போட்டேன். பல புக்கிகளில் யார் அதிகம் தருகிறாரோ அவருடைய ஆட்ஸைப் பொறுக்கிச் சேர்த்தது அது. சில மேட்சுகளில் மொத்தம் 100க்குக் கீழே போய்விடும், அப்போது k 1க்குக் கீழே இருக்க வேண்டும். என் நிரல் எர்ரர் எதுவும் காட்டாமல் 1இலேயே ஒட்டிக்கொண்டு சரிசெய்யாத எண்ணையே திருப்பித் தந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் பிடித்தேன், அதுவும் விடையைக் கூட்டிப் பார்த்ததால். இப்போது ஒவ்வொரு வரியின் மொத்தமும் 1 வருகிறதா என்று ஒரு தனி நெடுவரிசை வைத்திருக்கிறேன்.

எல்லா மேட்சுக்கும் இது தேவையா என்றால் இல்லை. 2.60, 3.20, 2.80 மாதிரி சமபலமான ஆட்டத்தில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் 0.2 சதவீதத்தைத் தாண்டாது.

அடுக்கு முறைதான் சரி என்று நிரூபித்துவிட்டேனா? அதுவும் இல்லை. முதலில் சொன்ன 1.25, 6.00, 12.00 மாதிரி மேட்சுகள் 60 இருந்தால் விகித முறைப்படி எதிரணி 4.8 தடவை ஜெயிக்க வேண்டும், அடுக்கு முறைப்படி 4.1 தடவை. அதிர்ஷ்டம் மட்டுமே அந்த எண்ணிக்கையை இரண்டு தடவை இப்படியோ அப்படியோ தள்ளிவிடும். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பார்க்க இதே ரகத்தில் 2,000 மேட்சுக்கு மேல் வேண்டும், ஒரு சீசனில் மொத்தமே 380தான். அடுக்கு முறைக்கு மாறிய முதல் சீசன் முடிவில் “என் முறைதான் ஜெயித்தது” என்று நான் குதித்ததை எங்கள் குழுவில் இன்னும் ஓட்டுகிறார்கள். இப்போது பழைய சீசன்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு முறையின் விடையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து. போன மாத டீயும் என் கணக்கில்தான்.