சிகரெட், சூடேற்றிய புகையிலை, வேப்: மூச்சுக்குழாய்க்கு எது எப்படி?

லண்டனில் சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டான வேப்புக்கு மாறியவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைக்காதவருக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம், அதில் அலச ஒன்றுமில்லை. இந்தியாவிலோ 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேப் விற்பனையே குற்றம். இவை விற்கப்படும் ஊரில் இருக்கும், ஏற்கெனவே புகைப்பவர் எதற்கு மாறுவது என்பதுதான் இங்கே பேச்சு.

சிகரெட்டை இழுக்கும்போது அதன் கங்கு 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். இலை எரிவதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன. மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களைப் புகை முடக்குகிறது. சளிச் சுரப்பிகளோ பெருத்துவிடுகின்றன. காலையில் எழுந்ததும் வரும் அந்த இருமல் இதனால்தான்.

ஐகாஸ் போன்ற கருவிகள் புகையிலையை 350 டிகிரியைத் தாண்டாமல் சூடாக்குகின்றன. எரிவதில்லை, ஆகவே கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. ஆனால் உள்ளே இருப்பது அதே இலைதான். அக்ரோலீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடு நச்சுகள் குறைந்திருந்தாலும் வரத்தான் செய்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பார்த்தால், அதில் சேர்த்த ஒப்பீட்டுச் சோதனைகள் எல்லாமே புகையிலை நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. சிகரெட்டைக் கைவிட இது உதவுகிறதா என்று ஒன்றுகூட அளக்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் 2020-இல், ‘நச்சுப் பொருள்கள் உடலில் சேர்வது குறையும்’ என்று விளம்பரம் செய்ய விட்டதே தவிர, ‘நோய் அபாயம் குறையும்’ என்று சொல்ல அனுமதிக்கவில்லை. நான் இதை நண்பரிடம் வாங்கி இழுத்துப் பார்த்ததோடு சரி. எனவே பழகிப் பார்த்த அனுபவம் என்று எதுவும் சொல்வதற்கில்லை.

வேப்பில் இலையே கிடையாது. ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைச் சேர்க்கை, அவ்வளவுதான். அதற்காக அது வெறும் நீராவி ஆகிவிடாது. தொண்டை வறளும். பட்டை வாசனை தரும் சின்னமால்டிஹைடு, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நுண்மயிர்களின் அசைவைக் குறைத்திருக்கிறது. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சுற்றிய பஞ்சு காய்ந்தபின் இழுத்தால் திரவம் கருகி ஆல்டிஹைடுகள் எகிறும். கருகல் வாடை தொண்டையில் சுள்ளென்று ஏறும், உடனே நிறுத்திவிட வேண்டும். புதுக் காயில் போட்டால் பஞ்சில் நாலைந்து சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் ஊறவிட்டு அப்புறம் இழுங்கள். 2019-20-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களின் நுரையீரல் திடீரெனச் சேதமாகி, 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த திரவத்தில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். கடை நிகோடின் திரவத்தை அதோடு குழப்ப வேண்டாம்; தெரியாத கையிலிருந்து வரும் திரவத்தைத் தொடவும் வேண்டாம்.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது, மாறிய பிறகும் மிச்சம் இருக்கும் சிகரெட்டுதான். நாளுக்கு இருபது பிடித்தவர் வேப் வாங்குகிறார்; காபியோடு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று என நாலு சிகரெட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார். எண்பது சதவீதம் தப்பித்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றும். நுரையீரல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு வயதாக ஆக எல்லோருக்கும் குறையும். 25,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பார்த்த ஆய்வொன்றில், புகைத்தே அறியாதவரைவிட நாளுக்கு 30-க்கு மேல் பிடிப்பவருக்கு ஆண்டுக்கு 11 மில்லி லிட்டர் அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஐந்துக்கும் குறைவாகப் பிடிப்பவருக்கு? கிட்டத்தட்ட எட்டு. சிகரெட் ஆறில் ஒரு பங்காகியும் இழப்பு மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது.

இப்படி மிச்சம் இருக்கும் சிகரெட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இங்கே புகை நிறுத்த உதவும் நிலையங்களில், மூச்சைச் சற்று அடக்கி ஒரு சின்ன மீட்டரில் ஊதச் சொல்வார்கள். கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் பத்து பங்குக்குக் கீழே இருந்தால் புகைக்காதவர் கணக்கு. வேப் அந்த எண்ணை ஏற்றாது, ஒளித்துப் பிடித்த சிகரெட் ஏற்றும்.

வேப்பின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணமும் இங்கேதான். பிரிட்டனில் 886 பேரை வைத்து நடந்து, 2019-இல் வெளியான சோதனையில், ஓராண்டு கழித்து வேப் குழுவில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 சதவீதம். இருமலும் சளியும்கூட வேப் குழுவில் அதிகம் குறைந்தன. ஆனால் அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பை விடவில்லை. 2000-களில்தான் சந்தைக்கு வந்த பொருள் இது. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு உருவாக இருபது, முப்பது ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே காலம் முழுக்க வேப் பிடித்தால் என்னவாகும் என்பதற்கு யாரிடமும் தரவு இல்லை.

அதனால் நிகோடினையும் படிப்படியாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே சட்டப்படி உச்சம் மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராம். 12, 6, 3 என்று இறங்கலாம். ஒரு படி இறங்கியதும் சிகரெட் ஆசை தலைதூக்கினால் பழைய அளவுக்கே திரும்பி, இன்னும் சில வாரம் அங்கேயே இருப்பது நல்லது.